காவலிச் சரத்தில் மின்னழுத்தம் பங்கிடப்படும் விதம்

மின்கோபுரத்தின் குறுக்குக்கையிலிருந்து உயர் அழுத்தக் கடத்தியைத் தாங்கித் தொங்கும் தட்டு வரிசைக்குக் காவலிச் சரம் என்று பெயர். ஒவ்வொரு தட்டும் பீங்கானால் அல்லது கடினமாக்கிய கண்ணாடியால் ஆனது. மேலே ஓர் இரும்புத் தொப்பியும் கீழே ஓர் இரும்பு ஊசியும் அதில் சீமெந்தால் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டின் ஊசி அடுத்த தட்டின் தொப்பிக்குள் கொளுவிக்கொள்ளும். இவ்வாறு வேண்டிய எண்ணிக்கையில் தட்டுகளைக் கோத்து எந்த அழுத்தத்துக்கும் சரம் அமைக்கலாம் என்ற வழியை 1907ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர்களான ஹியூலெட்டும் பக்கும் முன்வைத்தனர். பொதுவாகப் பயன்படும் தட்டு 255 மில்லிமீற்றர் விட்டமும் 146 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது.

மன்னார்த் தீவில் கீரி முதல் தலைமன்னார் வரை எந்த இடமும் கடலுக்குத் தொலைவில் இல்லை. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே பிறக்கும் மின்சாரம் நடுக்குடா உபமின்நிலையத்தில் 220 கிலோவோல்ற்றுக்கு உயர்த்தப்பட்டுப் பெருநிலத்தை நோக்கிச் செல்கிறது. அத்தகைய பாதை ஒன்றில் 14 தட்டுகள் கொண்ட சரம் தொங்குவதாகக் கொள்வோம். 220 கிலோவோல்ற் என்பது இரு கடத்திகளுக்கு இடையே உள்ள அழுத்தம். ஒரு கடத்திக்கும் நிலத்துக்கும் இடையே இருப்பது அதை √3 ஆல் வகுத்த 127 கிலோவோல்ற். இதை 14 தட்டுகளும் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 9 கிலோவோல்ற்றுக்குச் சற்று மேல் வர வேண்டும். ஆனால் உலர்ந்த, சுத்தமான சரத்தில் கடத்தியை ஒட்டிய தட்டு இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைச் சுமக்கிறது. மேலே உள்ள தட்டுகளுக்கு மிகச் சிறு பங்கே எஞ்சுகிறது.

ஏற்றத்தாழ்வின் காரணம்

இரண்டு உலோகங்களுக்கு இடையே ஒரு காவற்பொருள் இருந்தால் அது கொள்ளளவி ஆகும். தட்டின் தொப்பியும் ஊசியும் இரு உலோகங்கள். இடையில் இருப்பது பீங்கான். ஆகவே ஒவ்வொரு தட்டும் 30 முதல் 40 பிக்கோபரட் வரை கொள்ளளவம் கொண்ட ஒரு கொள்ளளவி. மாறு மின்னழுத்தம் கொள்ளளவிக்குக் குறுக்கே இருக்கும்போது அதனூடாக ஏற்ற மின்னோட்டம் பாய்கிறது. 40 பிக்கோபரட் தட்டொன்றுக்குக் குறுக்கே 9 கிலோவோல்ற் இருந்தால் 50 ஹேர்ட்சில் அந்த மின்னோட்டம் சுமார் 0.1 மில்லியம்பியர். அளவு சிறியதுதான், ஆனால் உலர்ந்த சரத்தில் அழுத்தம் பங்கிடப்படுவதைத் தீர்மானிப்பது இதுவே.

14 கொள்ளளவிகள் மட்டும் தொடராக இணைந்திருந்தால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாயும்; அழுத்தமும் சமமாகப் பிரியும். சரத்தின் நிலை அதுவன்று. இரு தட்டுகள் இணையும் ஒவ்வொரு இடத்திலும் உள்ள உலோகத்துக்கும், நிலத்தோடு இணைக்கப்பட்ட கோபுரத்துக்கும் இடையே காற்று இருக்கிறது. காற்றும் ஒரு காவற்பொருள் என்பதால் அங்கும் ஒரு சிறு கொள்ளளவம் உண்டு. அது சில பிக்கோபரட் அளவுதான். எனினும் அதன் வழியே ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் மின்னோட்டம் கோபுரத்துக்குப் பிரிந்து போகிறது.

கரை கசியும் வாய்க்கால் ஒன்றில் தலைமடையில் ஓடும் நீர் முழுவதும் கடைமடைக்குப் போய்ச் சேராது. சரத்திலும் அதுவே நடக்கிறது. கடத்தியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் முழுவதும் அடித்தட்டினூடாகப் பாய்ந்தாக வேண்டும். முதல் இணைப்பில் ஒரு பகுதி பக்கவாட்டில் பிரிந்துவிடுவதால் அடுத்த தட்டுக்குக் குறைந்த மின்னோட்டமே போகிறது. அதற்கு மேலுள்ள தட்டுக்கு அதைவிடக் குறைவு. தட்டுகளின் கொள்ளளவம் எல்லாம் ஒன்றே என்பதால், கூடிய மின்னோட்டம் பாயும் தட்டில் கூடிய அழுத்தம் விழுகிறது. ஆகவே தட்டில் குறையே இல்லாவிட்டாலும் ஏற்றத்தாழ்வு இருக்கும். கோபுரம் அருகில் இருப்பதே அதற்குப் போதுமான காரணம்.

மூன்று தட்டுகளில் ஒரு கணக்கு

33 கிலோவோல்ற் பாதையின் மூன்று தட்டுச் சரத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. தட்டின் கொள்ளளவம் C என்றும், ஒவ்வோர் இணைப்புக்கும் கோபுரத்துக்கும் இடையிலான கொள்ளளவம் kC என்றும் கொள்வோம். இங்கே k = 0.1. குறுக்குக்கைக்கு அருகிலுள்ள தட்டின் அழுத்தம் V1. அடுத்தடுத்தவை V2, V3.

மேலிருந்து முதல் இணைப்புக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள அழுத்தம் V1. ஆகவே இரண்டாம் தட்டு, முதல் தட்டின் மின்னோட்டத்தையும் அந்த இணைப்பிலிருந்து கோபுரத்துக்குப் போகும் மின்னோட்டத்தையும் சேர்த்துத் தருகிறது:

V2 = V1 + kV1 = 1.1 V1

அடுத்த இணைப்பு நிலத்தைவிட V1 + V2 அளவு உயர்ந்த அழுத்தத்தில் இருக்கிறது. எனவே:

V3 = V2 + k(V1 + V2) = 1.1 V1 + 0.21 V1 = 1.31 V1

மூன்றையும் கூட்டினால் 3.41 V1. கடத்திக்கும் நிலத்துக்கும் இடையிலான அழுத்தம் 33/√3, அதாவது 19.05 கிலோவோல்ற். ஆகவே V1 = 5.6, V2 = 6.1, V3 = 7.3 கிலோவோல்ற். சமமாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6.35 வந்திருக்கும்.

இந்த ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணாகச் சொல்லுவதே சர வினைத்திறன். சரத்தின் மொத்த அழுத்தத்தை, தட்டுகளின் எண்ணிக்கையையும் கடத்தியை ஒட்டிய தட்டின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். இங்கே 3.41/(3 × 1.31) = 0.868, அதாவது சுமார் 87 விழுக்காடு. இந்த எண் 1 ஆக வேண்டுமானால் k சுழியமாக வேண்டும். குறுக்குக்கையை எவ்வளவு நீட்டினாலும் கோபுரம் முடிவிலியில் நிற்கப்போவதில்லை. ஆகவே மாறு மின்னோட்டத்தில், உலர்ந்த சாதாரணச் சரம் ஒன்றின் வினைத்திறன் எப்போதும் 1க்குக் கீழேதான்.

தட்டுகளைக் கூட்டினால்

அதே விதியை மேலும் மேலும் பயன்படுத்தி, அதே k மதிப்புடன், 14 தட்டுச் சரத்தைக் கணக்கிடலாம். 127 கிலோவோல்ற்றில் குறுக்குக்கையை ஒட்டிய தட்டுக்குக் கிடைப்பது வெறும் 1 கிலோவோல்ற். மேல்பாதியிலுள்ள ஏழு தட்டுகளும் சேர்ந்து மொத்தத்தில் 11 விழுக்காட்டையே ஏற்கின்றன. கடத்தியை ஒட்டிய தட்டு மட்டும் 34 கிலோவோல்ற்றைச் சுமக்கிறது. இது மொத்தத்தில் 27 விழுக்காடு. சர வினைத்திறன் 26 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது.

இதிலுள்ள முக்கியமான செய்தி அந்த 27 விழுக்காடு என்ற எண்ணில் இருக்கிறது. பத்துத் தட்டுச் சரத்திலும் அடித்தட்டின் பங்கு 27 விழுக்காடுதான். இருபது தட்டுகள் கோத்தாலும் அது மாறுவதில்லை. சரம் நீளும்போது அடியில் அடுத்தடுத்த தட்டுகளின் அழுத்தம் ஒரு நிலையான விகிதத்தில் ஏறுகிறது; k = 0.1 எனில் அந்த விகிதம் 1.37. அந்த நிலை வந்தபின் மேலே சேர்க்கும் தட்டுகள் அடித்தட்டின் சுமையைக் குறைப்பதில்லை. தட்டு எண்ணிக்கை கூட, வினைத்திறன் விழுவதற்குக் காரணம் இதுவே: பங்கு அப்படியே நிற்கிறது, வகுக்கும் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது.

அடித்தட்டின் சுமையைக் குறைக்க வேண்டுமானால் k மதிப்பைக் குறைக்க வேண்டும். ஆனால் அதிலும் பலன் மெதுவாகத்தான் வருகிறது. k பாதியாகி 0.05 ஆனாலும் நீண்ட சரத்தின் அடித்தட்டு 20 விழுக்காட்டைச் சுமக்கும். அதற்காகக் குறுக்குக்கையை நீட்டினால் கோபுரத்தின் எடையும் செலவும் கூடும்.

கடத்தியின் பக்கத்திலிருந்து வரும் உதவி

மேலே செய்த கணக்கில் ஒன்று விடுபட்டது. இணைப்புகளுக்கும் கோபுரத்துக்கும் இடையே கொள்ளளவம் இருப்பதுபோல், இணைப்புகளுக்கும் கடத்திக்கும் இடையேயும் காற்றின் வழியே ஒரு கொள்ளளவம் உண்டு. அது இன்னும் சிறியது. அதன் வழியே வரும் மின்னோட்டம் அடித்தட்டினூடாகப் பாயாமல் நேராக மேல் இணைப்புகளுக்குப் போய், கோபுரத்துக்குக் கசிந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது.

இந்தக் கொள்ளளவத்தை C இன் 0.02 மடங்கு எனக் கொண்டு 14 தட்டுச் சரத்தை மறுபடி கணக்கிட்டால் அடித்தட்டின் அழுத்தம் 34 இலிருந்து 31 கிலோவோல்ற்றாகக் குறைகிறது. மேல்தட்டின் அழுத்தம் 1 இலிருந்து ஏறத்தாழ 7 கிலோவோல்ற்றாக உயர்கிறது. மிகக் குறைந்த அழுத்தம் இப்போது மேல்நுனியில் இல்லை. மேலிருந்து ஐந்தாம் தட்டுக்கு நகர்ந்து 3 கிலோவோல்ற்றில் நிற்கிறது. உண்மையான சரங்களை அளக்கும்போதும் இதே வடிவம் கிடைக்கிறது: அடியில் செங்குத்தான ஏற்றம், நடுவே பள்ளம், மேல்நுனியில் சிறு உயர்வு.

இந்த உதவியைப் பெருக்குவதற்காகவே சமன்படுத்தும் வளையம் பொருத்தப்படுகிறது. கடத்தியோடு இணைந்த உலோக வளையம் அடித்தட்டுகளைச் சுற்றி நிற்கும். எல்லாத் தட்டுகளும் சமமாகப் பகிர வேண்டுமானால் ஒவ்வோர் இணைப்புக்கும் வளையத்துக்கும் இடையே எவ்வளவு கொள்ளளவம் வேண்டும் என்று கணக்கிடலாம். மொத்தம் N தட்டுகளில், மேலிருந்து n ஆவது தட்டின் கீழுள்ள இணைப்புக்கு அது

Cn = kC × n/(N − n)

ஆகும். kC 4 பிக்கோபரட் எனில் 14 தட்டுச் சரத்தின் கடைசி இணைப்புக்கு 52 பிக்கோபரட் வேண்டும். முதல் இணைப்புக்கு 0.3 பிக்கோபரட் போதும். ஒரே வளையத்தால் இத்தனை வேறுபட்ட மதிப்புகளைத் தர முடியாது. அது தன் அருகிலுள்ள சில தட்டுகளின் சுமையை இறக்கி, அதை மேலே உள்ளவற்றுக்குப் பகிர்ந்துவிடுகிறது. ஏற்றத்தாழ்வு குறையும், மறையாது. கொள்ளளவம் கூடிய தட்டுகளை அடியிலும் குறைந்தவற்றை மேலும் கோப்பது இன்னொரு வழி. ஒரே சரத்துக்குப் பலவகைத் தட்டுகளை இருப்பில் வைத்து, மாற்றும்போது இடம் தவறாமல் கோக்க வேண்டியிருப்பதால் அது நடைமுறையில் எடுபடவில்லை.

அழுத்தப் பங்கும் உடையும் அழுத்தமும்

26 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டு, 14 தட்டுகளில் நான்கு தட்டுகளின் பலம்தான் கிடைக்கிறது என்று எண்ணினால் அது தவறு. தட்டின் மேற்பரப்பை ஒட்டியுள்ள காற்று முறிந்து, கடத்தியிலிருந்து கோபுரம் வரை மின்வில் தாவுவதை மின்தாவல் என்பர். சாதாரணத் தட்டு ஒன்று உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 80 கிலோவோல்ற்றில் மின்தாவலுக்கு உள்ளாகும். மூன்று தட்டுச் சரம் 215 கிலோவோல்ற் வரை தாங்கும். 215ஐ 3 × 80 ஆல் வகுத்தால் 90 விழுக்காடு. கணக்கில் வந்த 87க்கு இது அருகில் உள்ளது. ஆனால் 14 தட்டுச் சரம் தாங்குவது 785 கிலோவோல்ற். அதை 14 × 80 ஆல் வகுத்தால் 70 விழுக்காடு வருகிறது. கணக்கு சொன்னது 26.

இரண்டும் வெவ்வேறு நிலைகளைப் பற்றியவை என்பதால் இந்த வேறுபாடு. கொள்ளளவக் கணக்கு அமைதியாக இயங்கும் சரத்துக்கு உரியது. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் அடித்தட்டைச் சுற்றியுள்ள காற்று அயனாகிக் கொரோனா தோன்றுகிறது. அயனாகிய காற்று மின்னோட்டத்தைக் கடத்துவதால் அந்தத் தட்டுக்குக் குறுக்கே அழுத்தம் மேலும் ஏறுவது மட்டுப்படுகிறது. எஞ்சியது மேல்தட்டுகளுக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே முறிவை நெருங்கும்போது பங்கீடு தானாகவே கொஞ்சம் சமமாகிறது. மேலே கூட்டிய தட்டுகள் இயல்பு நிலையில் அடித்தட்டின் சுமையைக் குறைக்காவிட்டாலும், மின்னல் அலை வரும்போதும் மின்தாவலின்போதும் தம் பங்கைத் தருகின்றன.

அன்றாட இயக்கத்தில் ஏற்றத்தாழ்வின் விலை வேறு. அடித்தட்டில் ஓயாத கொரோனாவும் அதனால் வானொலி இரைச்சலும் எழுகின்றன. இருட்டில் அடித்தட்டுகளைச் சுற்றி நீல ஒளி தெரியலாம். அங்குள்ள சீமெந்தும் ஊசியும் மற்றவற்றைவிட விரைவில் நலிகின்றன.

உப்பும் ஈரமும் வந்த பின்

மன்னார்த் தீவின் நிலைமைக்கு மேற்சொன்ன கணக்கு பாதிதான் பொருந்தும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலின் உப்புத் திவலைகளைத் தரைமேல் கொண்டுவருகிறது. இங்கே அந்தக் காலம் மழை குறைந்த காலமும் ஆகும். தட்டுகளைக் கழுவ மழையில்லாமல் உப்பு படிந்துகொண்டே போகும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதிகாலைப் பனியோ தூறலோ அதை நனைக்கும்போது தட்டின் மேற்பரப்பில் உப்புநீர்ப் படலம் உருவாகிறது.

ஏற்ற மின்னோட்டம் வெறும் 0.1 மில்லியம்பியர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். உப்புப் படலத்தின் வழியே ஒரேயொரு மில்லியம்பியர் கசிந்தாலும் அது கொள்ளளவ மின்னோட்டத்தைப்போல் பத்து மடங்கு. அதன்பின் அழுத்தத்தைப் பங்கிடுவது கொள்ளளவம் அன்று, படலத்தின் தடை. எல்லாத் தட்டுகளும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் பங்கீடு முன்பைவிடச் சமமாகிவிடும். பரிசோதனை எண்களும் இதைக் காட்டுகின்றன. நனைந்த தட்டொன்று 50 கிலோவோல்ற் வரையே தாங்கும். நனைந்த 14 தட்டுச் சரம் 565 கிலோவோல்ற் வரை தாங்கும். விகிதம் 81 விழுக்காடு, உலர்ந்த சரத்தின் 70ஐவிடக் கூடுதல். வினைத்திறன் உயர்ந்தது, தாங்கும் அழுத்தமோ 785 இலிருந்து 565க்கு இறங்கியது. ஆகவே சர வினைத்திறன் பங்கீட்டின் சமத்தன்மையை மட்டும் அளக்கும் எண். சரம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அது சொல்லாது.

இந்த எண்கள் தூய நீருக்கு உரியவை. உப்புப் படலத்தில் நிலைமை இன்னும் மோசம். கசியும் மின்னோட்டம் படலத்தைச் சூடாக்குகிறது. ஊசியைச் சுற்றியுள்ள குறுகலான பகுதியில் மின்னோட்டம் நெருக்கமாகப் பாய்வதால் அங்கே முதலில் நீர் வற்றி, உலர்ந்த பட்டை ஒன்று தோன்றுகிறது. தட்டின் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய பட்டைக்குக் குறுக்கே குவிகிறது. அதன்மேல் சிறு மின்வில்கள் தாவுகின்றன. படலம் போதிய அளவு கடத்தினால் அந்த வில்கள் நீண்டு ஒன்றோடொன்று இணைந்து, இயல்பான 127 கிலோவோல்ற்றிலேயே முழுச் சரத்தையும் மின்தாவலுக்கு உள்ளாக்கிவிடும். சரசரவென்ற ஒலியும் தட்டுகளின் அடியில் ஓடித்திரியும் மஞ்சள் நிறச் சிறு வில்களும் அதற்கு முன்னறிகுறிகள்.

ஆகவே கடற்கரையில் தட்டுகளின் எண்ணிக்கையை முடிவுசெய்வது சர வினைத்திறன் அன்று, ஊர்வுத் தூரம். தொப்பியிலிருந்து ஊசி வரை தட்டின் மேற்பரப்பை ஒட்டி அளக்கும் நீளமே அது. சாதாரணத் தட்டில் அது 292 மில்லிமீற்றர் அளவு. 220 கிலோவோல்ற் பாதையின் அதிகூடிய இயக்க அழுத்தம் 245 கிலோவோல்ற். மாசு குறைந்த இடத்தில் ஒரு கிலோவோல்ற்றுக்கு 16 மில்லிமீற்றர் போதும் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் சர்வதேச வழிகாட்டல். அதன்படி 3,920 மில்லிமீற்றர், அதாவது 14 தட்டுகள். கடற்காற்று நேராக அடிக்கும் இடத்துக்கு 31 மில்லிமீற்றர் வேண்டும். அது 7,595 மில்லிமீற்றர். சாதாரணத் தட்டில் 26க்கும் மேல் தேவைப்படும், சரம் நான்கு மீற்றரை நெருங்கும். அடிப்பக்கத்தில் ஆழமான மடிப்புகள் கொண்ட பனித்தட்டுகளில் ஊர்வுத் தூரம் ஏறத்தாழ 430 மில்லிமீற்றர் என்பதால் 18 தட்டுகள் போதும். சிலிக்கோன் பூச்சு பூசுவதும், நீரைத் துளித்துளியாகத் திரளவைக்கும் சிலிக்கோன் இரப்பர்க் காவலிகளைப் பயன்படுத்துவதும், நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் மற்ற வழிகள். இரப்பர்க் காவலி ஒரே நீண்ட கோல். தட்டுகளுக்கு உள்ள பெரிய கொள்ளளவம் அதற்கு இல்லாததால் அழுத்தம் கடத்தியின் பக்கத்தில் இன்னும் அதிகமாகக் குவியும். இந்த அழுத்தத்தில் அதற்குச் சமன்படுத்தும் வளையம் தவிர்க்க முடியாதது.

பழுதைக் கண்டறிதல்

அழுத்தம் எப்படிப் பங்கிடப்படும் என்பது தெரிந்தால் பழுதான தட்டையும் கண்டுபிடிக்கலாம். பீங்கான் தட்டில் உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. தொப்பியும் ஊசியும் மின்சாரத்தால் இணைந்துவிட, அந்தத் தட்டுக்குக் குறுக்கே அழுத்தம் இல்லாமல்போகும். அதன் பங்கு மற்றத் தட்டுகளுக்குப் போகும். நீண்ட காவற்கோலின் நுனியில் இரு முனைகளும் இடையே ஒரு சிறு பொறி இடைவெளியும் கொண்ட கருவியைத் தட்டின் இரு பக்கமும் தொட்டால், நல்ல தட்டில் பொறி சீறும், பழுதான தட்டில் ஓசை வராது. நடுப்பகுதித் தட்டுகளில் முடிவு செய்வது கடினம். நல்ல தட்டிலேயே அங்கே 3 கிலோவோல்ற்தான் இருப்பதால் ஓசை மெலிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் அளந்த மதிப்பைச் சரத்தின் இயல்பான வளைகோட்டோடு ஒப்பிட வேண்டும். பக்கத்துத் தட்டுகளோடு பொருந்தாமல் திடீரென விழும் மதிப்பே பழுதின் அடையாளம். கண்ணாடித் தட்டில் இந்தச் சோதனை தேவையில்லை. பழுதானால் அதன் பாவாடைப் பகுதி நொறுங்கி உதிர்ந்துவிடும். தரையில் நின்றே காணலாம். எஞ்சும் அடித்துண்டு கடத்தியின் பாரத்தைத் தொடர்ந்து தாங்கும்.

நேர் மின்னோட்டத்தில்

இந்தியாவையும் இலங்கையையும் மன்னார் வழியாக உயர் அழுத்த நேர் மின்னோட்டத்தால் இணைக்கும் திட்டம் நீண்ட காலமாக ஆராயப்பட்டு வருகிறது. நேர் மின்னோட்டத்தில் கொள்ளளவத்தினூடாகத் தொடர்ந்து மின்னோட்டம் பாயாது. ஆகவே கோபுரத்துக்கு ஏற்ற மின்னோட்டம் பிரியும் பிரச்சினை அங்கே இல்லை. எல்லாத் தட்டுகளின் கசிவுத் தடையும் சமமாக இருந்தால் சர வினைத்திறன் 1 ஆகும். ஆனால் அந்தச் சமநிலை சுத்தமான தட்டுகளில் மட்டுமே கிடைக்கும். திசை மாறாத மின்புலம் காற்றிலுள்ள ஏற்றம் பெற்ற துகள்களைத் தட்டுகளின்பால் தொடர்ந்து ஈர்ப்பதால், நேர் மின்னோட்டக் காவலிகளில் மாசு கூடுதலாகவும் ஒழுங்கற்றும் படிகிறது. தடை தட்டுக்குத் தட்டு வேறுபட, பங்கீடும் மறுபடி குலைகிறது. மாறு மின்னோட்டத்தில் வினைத்திறனை 1க்குக் கீழே இறக்குவது கோபுரத்தின் அண்மை. நேர் மின்னோட்டத்தில் அதையே செய்வது தட்டின்மேல் சீரில்லாமல் படியும் உப்பும் தூசும்.